3400-இல் ஓர் அகலமான பள்ளம்: KBr பெல்லட்டும் ஒரு வெள்ளைப் படிகமும்

அடையாளம் தெரியாத ஒரு சேர்மம் கையில் இருக்கிறது. வெள்ளைப் படிகங்கள், உருகுநிலை 48 டிகிரி செல்சியஸ், தண்ணீரில் கரையவில்லை. பொட்டாசியம் புரோமைடில் பெல்லட் அழுத்தி ஐஆர் எடுத்தாயிற்று. தாளில் முதலில் கண்ணில் படுவது 3430 பக்கம் ஓர் அகலமான பள்ளம். அடுத்து 1660-இல் ஆழமான, கூர்மையான பீக். அதன் வலது பக்கத் தோளில், 1640-ஐ ஒட்டி, ஒரு சின்னப் புடைப்பு.

பாடத்தில் படித்த அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் விடை உடனே வந்துவிடும். 3400 பக்கம் N–H, 1660-இல் தாழ்ந்த C=O, 1640-இல் N–H வளைவு. மூன்றும் சேர்ந்தால் முதல்நிலை அமைடு. எண்கள் அத்தனை அழகாகப் பொருந்துவதால் சந்தேகமே வராது. ஆனால் அந்தச் சேர்மத்தில் நைட்ரஜனே இல்லை. அது பென்சோஃபீனோன். 3430-உம் 1640-உம் பெல்லட்டுக்குள் புகுந்த தண்ணீரின் பீக்குகள்.

இதே தவறைப் பல பேர் செய்து பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். பீக்குகளைப் படிக்கத் தெரியாததால் வரும் தவறு இல்லை இது. அட்டவணையை நன்றாகப் படித்தவர்தான் இதில் சீக்கிரம் மாட்டிக்கொள்வார். பெல்லட்டை யாரும் படிப்பதில்லை, அதுதான் காரணம். ஆகவே இந்த ஒரே சேர்மத்தை வைத்துக்கொண்டு, மாதிரி தயாரிப்பதிலிருந்து பெயர் சொல்லும் வரை போய்ப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் அலையெண், அலகு செ.மீ⁻¹, ஒவ்வொரு முறையும் அலகைச் சொல்லப்போவதில்லை. வரைபடம் ஊடுருவல் சதவீதத்தில் இருப்பதால் பீக் என்று நாம் சொல்வது கீழ்நோக்கித் தொங்கும்.

KBr-ஐ ஏன் எடுக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். வழக்கமான ஐஆர் கருவி பார்க்கும் 4000 முதல் 400 வரையிலான பகுதியில் அதற்கென்று எந்த உறிஞ்சலும் இல்லை. அது அயனிப் படிகம்; அதன் அதிர்வுகள் 400-க்கும் கீழே போய்விடுகின்றன. அப்புறம் இன்னொரு குணம்: அதிக அழுத்தத்தில் இந்த உப்புத்தூள் மெழுகு போல இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். திடப்பொருளை இப்படி உப்புக்குள் பதித்துப் பார்க்கும் முறை 1952-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி நடத்திவந்த கன்னியாஸ்திரீ சபையைச் சேர்ந்த வேதியியலாளர் மிரியம் ஸ்டிம்சன் அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்.

இத்தனை நல்ல குணங்களோடு ஒரு கெட்ட குணமும் உண்டு. KBr காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டியாக இருக்கும்போது கொஞ்சமாக இழுக்கும். தூளாக அரைத்துவிட்டால் மேற்பரப்பு பலமடங்கு பெருகிவிடுவதால் வேகமாக இழுக்கும். பெல்லட் செய்யும்போது நாம் செய்யும் முதல் வேலையே அரைப்பதுதான். பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எனவே உப்பை முதல்நாளே 110 டிகிரி அடுப்பில் வைத்து, இரவு முழுக்க உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து, அதிலிருந்தே நேராக எடுக்க வேண்டும். ஒரு பெல்லட்டுக்கு 200 மில்லிகிராம் உப்பு போதும். மாதிரி ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம், அதாவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக்கூட இருக்கலாம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் மாதிரியை எப்போதும் கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பலமான பீக்குகள் எல்லாம் பூஜ்யத்தில் போய் முட்டித் தட்டையாக நிற்கும். தட்டையான அடியில் பீக் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. தோளும் புடைப்பும் அதற்குள் அமுங்கிப்போகும். மிகப் பலமான பீக் ஐந்து, பத்து சதவீத ஊடுருவலில் நின்றால் அளவு சரி.

அரைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அகேட் கல்வத்தில் மாதிரியை மட்டும் முதலில் போட்டு, அது கல்வத்தின் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டி மினுங்கும் வரை தேய்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் உப்பு, கலக்கல், மிச்ச உப்பு, மறுபடி கலக்கல். இரண்டையும் முதலிலேயே கொட்டி ஐந்து நிமிடம் அரைத்தால் மாதிரி சரியாக அரைபடாது, உப்பு மட்டும் அந்த ஐந்து நிமிடமும் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

மாதிரியை ஏன் இவ்வளவு பொடியாக்க வேண்டும்? நாம் அனுப்பும் கதிரின் அலைநீளம் 2.5 முதல் 25 மைக்ரோமீட்டர். துகள் அந்த அளவுக்கு அருகில் இருந்தால் கதிர் உறிஞ்சப்படுவதோடு சிதறவும் செய்யும். சிதறல் குறுகிய அலைநீளத்தில், அதாவது 4000 பக்கம் அதிகம். ஆகவே அடிக்கோடு இடதுபக்கம் சரிந்து கிடக்கும். அதோடு பீக்குகளின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் இழுத்துக்கொண்டும் வளைந்திருக்கும். இதற்குக் கிறிஸ்டியன்சன் விளைவு என்று பெயர். இந்தச் சரிவையும் கோணலையும் தாளில் பார்த்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், திரும்பப் போய் அரைக்க வேண்டியதுதான். இரண்டு மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால்தான் நல்லது.

நம்முடைய சேர்மத்தில் இங்கே இன்னொரு சிக்கல். ஈரம் ஏறாமல் இருக்க அகச்சிவப்பு விளக்குக்கு அடியில் வைத்து அரைப்பது வழக்கம். உருகுநிலை 48 டிகிரி என்று முன்பே பார்த்துவிட்டோம். விளக்கைப் பக்கத்தில் வைத்தால் மாதிரி உருகிக் கல்வத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அழுத்திய பெல்லட்டை 110 டிகிரியில் போட்டு உலர்த்தலாம் என்பதும் அதனாலேயே முடியாது. உலர்த்தவேண்டியதை எல்லாம் மாதிரி சேரும் முன்பே முடித்துவிட வேண்டும். உருகுநிலையை ஐஆருக்கு முன்னால் பார்த்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பிறகு 13 மில்லிமீட்டர் டையில் கொட்டி, தூளைச் சமமாகப் பரப்பி, வெற்றிடப் பம்பை இணைத்து இரண்டு நிமிடம் காற்றை உறிஞ்சவிட்டு, எட்டு முதல் பத்து டன் சுமையில் இரண்டு நிமிடம் வைத்திருந்து மெதுவாக இறக்கலாம். 200 மில்லிகிராம் போட்டிருந்தால் அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை கிடைக்கும். அதற்குப் பின்னால் அச்செழுத்தை வைத்தால் தெளிவாகப் படிக்க முடிய வேண்டும். முழுக்கப் பால்போல மங்கி இருந்தால் ஈரமோ காற்றோ உள்ளே மாட்டியிருக்கிறது. அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் அவை அரைபடாத துகள்கள். ஒன்று சொல்ல வேண்டும்: வில்லை தெளிவாக இருப்பதாலேயே அதில் தண்ணீர் இல்லை என்று நம்பிவிடக்கூடாது. கண்ணுக்குப் பளிங்கு மாதிரி தெரியும் வில்லையிலும் 3430-இல் பள்ளம் விழும். (வேலை முடிந்ததும் டையைத் தண்ணீரில் கழுவி, அசிட்டோன் விட்டுத் துடைத்து வைக்காவிட்டால் உப்பு அந்த எஃகை அரித்துவிடும்.)

சரி, தாளுக்கு வருவோம்.

மூலக்கூறைப் படிக்கும் முன் எது மூலக்கூறினுடையது இல்லை என்று ஒதுக்க வேண்டும். 2350 பக்கம் இரட்டையாக ஒரு பீக் தெரிந்தால் அது காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடு. பின்னணி எடுத்ததற்கும் மாதிரி எடுத்ததற்கும் நடுவில் அறைக்காற்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 3900 முதல் 3500 வரையிலும் 1900 முதல் 1300 வரையிலும் புல் முளைத்த மாதிரி மெல்லிய கூர்மையான கோடுகள் வந்தால் அது நீராவி. இவற்றை யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

குழப்புவது உப்பில் ஒட்டியிருக்கும் தண்ணீர்தான். அது ஆவி நிலையில் இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் கூர்மையான கோடுகள் எல்லாம் கரைந்து, 3430-ஐ நடுவாக வைத்து ஒரே அகலமான, வழவழப்பான பள்ளமாகிவிடும். அதோடு H–O–H வளைவு 1640-க்குக் கொஞ்சம் கீழே எப்போதும் கூடவே வரும். இந்த இரண்டும் ஒரு ஜோடி. முதலாவது இருந்தால் இரண்டாவதைத் தேட வேண்டும். நம் தாளில் 1660-இன் தோளில் தொங்கிக்கொண்டிருந்த புடைப்பு அந்த இரண்டாவது ஆள்.

உறுதிசெய்வதற்கு எளிய வழி வெற்று பெல்லட். அதே டெசிகேட்டரிலிருந்து அதே 200 மில்லிகிராம் உப்பு, அதே நேரம் அரைத்து, மாதிரி மட்டும் சேர்க்காமல் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். 3430-இல் அதே ஆழத்தில் பள்ளம் விழுந்தால் கேள்வி பெரும்பாலும் முடிந்தது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொரு பெல்லட்டும் குடிக்கும் ஈரம் ஒரே அளவாக இருக்காது. அதனால் வெற்று பெல்லட்டைக் கணினியில் கழித்து 3430-ஐத் துடைத்துவிடுவதை நான் நம்புவதில்லை. மாதிரியில் உண்மையிலேயே ஒரு பலவீனமான O–H இருந்து அதுவும் சேர்ந்து துடைபட்டுப் போகலாம்.

நம் சேர்மத்துக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதன் தாழ்ந்த உருகுநிலை முன்னால் தொந்தரவாக இருந்தது, இப்போது உதவிக்கு வருகிறது. இரண்டு சோடியம் குளோரைடு தகடுகளுக்கு நடுவே சில படிகங்களை வைத்து, 55 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கினால் உருகி மெல்லிய படலமாகப் பரவும். மெதுவாக என்பது முக்கியம், திடீர்ச் சூட்டில் உப்புத்தகடு விரிசல் விட்டுவிடும். அரைக்கவில்லை, தூள் உப்பும் இல்லை, ஆகவே ஈரம் ஏறுவதற்கு அதிகம் இடமில்லை. பென்சோஃபீனோன் உருகியபின் உடனே உறையாமல், உருகுநிலைக்குக் கீழேயும் திரவமாகவே கொஞ்சநேரம் இருக்கும் பழக்கம் உள்ளது. அந்த நேரத்திலேயே நிறமாலை எடுத்துவிடுவது நல்லது. உறைந்துவிட்டால் படிகங்கள் ஒரே திசையில் வரிசைகட்டிக்கொண்டு சில பீக்குகளின் பலத்தை மாற்றிவிடக்கூடும். சோடியம் குளோரைடு தகடு 650-க்குக் கீழே கதிரை விடாது. நமக்கு 700 வரை தெரிந்தால் போதும்.

வைர ஏடிஆர் கருவி இருப்பவர்கள் படிகத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாலே போதும், KBr-ஏ தேவையில்லை. ஆனால் கதிர் மாதிரிக்குள் நுழையும் ஆழம் அலைநீளத்தோடு கூடுவதால், 3000 பக்கம் உள்ள பீக்குகள் பெல்லட்டில் தெரிவதைவிடச் சிறுத்துத் தெரியும். பலமான பீக்குகள் சில எண்கள் கீழே நகரும். பழைய பெல்லட் நிறமாலையோடு ஒப்பிடும்போது இதை மனதில் வைக்காவிட்டால் வேறொரு தவறான பெயருக்குப் போய்விடுவோம்.

உருக்கிய படலத்தின் தாளில் 3430 காணோம். 1660-இன் தோளும் மறைந்துவிட்டது. ஆனால் 3310 பக்கம் ஒரு சின்ன, குறுகிய பீக் மிச்சம் இருக்கிறது. இது முன்பு அகலப் பள்ளத்துக்குள் ஒளிந்திருந்தது. N–H திரும்பி வந்துவிட்டதா என்று பதற வேண்டாம். 1660-ஐ இரண்டால் பெருக்கினால் 3320. பலமான C=O பீக்குக்கு அதன் இரட்டிப்பு எண்ணுக்குச் சற்றுக் கீழே இப்படி ஒரு மேற்சுரம் விழும். உண்மையான N–H என்றால் C=O எவ்வளவு பலமோ அதற்கு ஓரளவு ஈடு கொடுக்கிற பலத்தில் இருக்கும். இது அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாத அளவு சிறியது.

இருந்தாலும் அமைடை ஒழுங்காகவே விலக்கிவிடுவோம். பென்சமைடு மாதிரியான முதல்நிலை அமைடு திடநிலையில் 3370-இலும் 3170-இலும் இரண்டு தனித்தனிப் பீக்குகள் தரும். ஒரே வழவழப்பான பள்ளம் தராது. பென்சனிலைடு மாதிரியான இரண்டாம்நிலை அமைடு 3340 பக்கம் ஒரே கூர்மையான பீக் தரும், அதோடு 1530 பக்கம் இன்னொரு பலமான பீக்கும் கூடவே வரும். நம் தாளில் 1530 வெறுமையாக இருக்கிறது. பென்சமைடு 128 டிகிரியிலும் பென்சனிலைடு 163 டிகிரியிலும் உருகுபவை. 48 என்ற எண்ணை முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டுமே வாசலிலேயே நின்றிருக்கும்.

இப்போது மிச்சம் உள்ளதைப் படிக்கலாம். மிகப் பலமான பீக் C=O. அடுத்துப் பார்க்க வேண்டியது 3000 என்ற கோட்டின் இரண்டு பக்கமும். இடதுபக்கம் 3060-இல் சிறிய பீக் இருக்கிறது. வலதுபக்கம், 2960 முதல் 2850 வரை, ஒன்றுமே இல்லை. எனக்கு இந்தத் தாளில் மிகவும் பிடித்த இடம் இந்த வெற்றிடம்தான். மெத்தில், மெத்திலீன் எதுவும் கிடையாது என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. மாதிரியை நியூஜால் எண்ணெயில் குழைத்து எடுத்திருந்தால் இந்தச் செய்தி கிடைத்தே இருக்காது. அந்த எண்ணெயே ஹைட்ரோகார்பன் என்பதால் 2920, 2850, 1460, 1377 ஆகிய இடங்களில் தன் பீக்குகளைப் போட்டு மூடிவிடும். தண்ணீர்ச் சந்தேகத்தைத் தீர்க்க நியூஜால் நல்ல துணைதான், C–H கேள்விக்கு அது உதவாது.

2820, 2720 என்ற ஜோடி இல்லை, ஆகவே ஆல்டிஹைடு இல்லை. 3300 முதல் 2500 வரை தொங்கும் பெரிய திரை இல்லை, ஆகவே அமிலம் இல்லை. எஸ்டர் என்றால் C=O 1720 பக்கம் போயிருக்கும், கூடவே 1300 முதல் 1100 வரை இரண்டு பலமான C–O பீக்குகள் இருக்கும். நம் தாளில் 1280 பக்கம் ஒரு பலமான பீக் உண்டு. அதைப் பார்த்து எஸ்டர் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அரோமாட்டிக் கீட்டோனில் கார்பனைலின் இருபுறமும் உள்ள C–C பிணைப்புகளும் இதே இடத்தில் பலமாக அதிரும். 1660-இல் நிற்கும் C=O-வுக்கு அந்த விளக்கமே பொருந்துகிறது.

சாதாரணக் கீட்டோனின் C=O 1715. நம்முடையது ஏன் 55 எண்கள் கீழே? C=O-வை ஒரு சுருள்வில்லாக நினைத்துக்கொண்டால், வில் தளர்ந்தால் அதிர்வெண் இறங்கும். பென்சீன் வளையம் பக்கத்தில் வந்தால் அதன் எலக்ட்ரான்கள் கார்பனைலோடு பகிர்ந்துகொள்வதால் இரட்டைப் பிணைப்பு கொஞ்சம் ஒற்றைப் பிணைப்பின் சாயலுக்கு வந்துவிடும். ஒரு வளையம் ஒட்டிய அசிட்டோஃபீனோனில் C=O 1685. இருபக்கமும் வளையம் இருந்தால் 1660. முதல் வளையம் 30 இறக்கியது, இரண்டாவது 25. இரண்டாவதின் பங்கு கொஞ்சம் குறைவதில் வியப்பில்லை. பக்கத்து ஹைட்ரஜன்கள் இடித்துக்கொள்வதால் இரு வளையங்களும் கார்பனைலின் தளத்தில் ஒரேநேரம் படுத்திருக்க முடியாது. காற்றாடி இதழ்கள் போலத் திரும்பி நிற்கின்றன.

வளையம் இருப்பதை 1600, 1578, 1448 ஆகிய பீக்குகள் உறுதிப்படுத்துகின்றன. அதில் எத்தனை இடத்தில் பதிலீடு என்பதற்கு 800-க்குக் கீழே போக வேண்டும். 770 முதல் 730 வரை ஒன்று, 700 பக்கம் ஒன்று என்று இரண்டு பலமான பீக்குகள் இருந்தால் ஒற்றைப் பதிலீடு. நம் தாளில் 765-உம் 700-உம் இருக்கின்றன. கருவியின் எண்கள் மேல் சந்தேகம் இருந்தால் பாலிஸ்டைரீன் படலத்தை வைத்துப் பார்க்கலாம், அதன் 1601 பீக் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

இரண்டு ஒற்றைப் பதிலீட்டு வளையங்கள், நடுவே ஒரு C=O, வேறு எதுவும் இல்லை: பென்சோஃபீனோன், C₁₃H₁₀O.

ஆனாலும் இதை ஐஆர் மட்டும் வைத்து எழுதிவிட எனக்கு மனம் வராது. சால்கோன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. அதிலும் இரண்டு ஒற்றைப் பதிலீட்டு வளையங்கள், அதிலும் C=O 1660 பக்கம், அதிலும் 3000-க்கு வலதுபக்கம் ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு C=C கூடுதலாக இருக்கும்; அது 1605-இல் பலமாக விழுந்து வளையத்தின் 1600-ஓடு கலந்துவிடும். டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பின் C–H வளைவு 980 பக்கம் வரும், ஆனால் வளையத்துக்கும் 1000-ஐ ஒட்டிப் பீக் உண்டு. வித்தியாசம் தாளில் இருக்கத்தான் செய்கிறது, பழகிய கண் 1600-இன் பலத்தைப் பார்த்தே சந்தேகப்படும். ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பது சோதனைக்குழாய்தான். சால்கோன் வெளிர்மஞ்சள், 55 முதல் 57 டிகிரியில் உருகும், புரோமின் கரைசலின் நிறத்தைப் போக்கிவிடும். நம் படிகம் வெள்ளை, 48-இல் உருகியது, புரோமினின் நிறம் அப்படியே நிற்கிறது. 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீனோடு ஆரஞ்சு வீழ்படிவு வந்தது, டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி வரவில்லை. கடைசியாக, தெரிந்த பென்சோஃபீனோனைச் சம அளவு கலந்து மறுபடி உருகுநிலை பார்த்தபோது 48 இறங்கவே இல்லை.